பதினைந்து நிமிடத்துக்குள் ஒரு சட்டை

வணக்கம் நேயர்களே.

குறும்படம் எடுக்கிறவர்கள் திரைக்கதையை முடித்த கையோடு என்னிடம் கொண்டு வருவதுண்டு. போன வருஷம் அப்படி வந்த ஒரு மாணவியின் கதையை வைத்துத்தான் இன்று பேசப் போகிறேன். கான் திரைப்பட விழாவின் குறும்படப் போட்டிக்கு அனுப்ப வேண்டும் என்பது அவருடைய ஆசை. அந்தப் போட்டியில் படம் 15 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. பெயர்ப் பட்டியலும் அந்தப் பதினைந்துக்குள்ளேயே அடங்க வேண்டும். வெனிஸ் விழாவில் 20 நிமிடம், ஆஸ்கரில் 40 நிமிடம். அங்கேயும் பெயர் ஓடுகிற நேரம் சேர்த்துத்தான் கணக்கு.

அவர் வைத்திருந்தது 16 பக்கம். "ஒரு பக்கம் ஒரு நிமிஷம்னு சொல்வாங்களே சார், ஒரு பக்கம்தான் கூட இருக்கு" என்றார். அந்தக் கணக்கு அமெரிக்காவில் பிறந்தது. கூரியர் எழுத்துருவில், 12 புள்ளி அளவில், அவர்கள் வகுத்த ஓர இடைவெளியோடு ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தால் சராசரியாக ஒத்துவரும். தமிழில் சொற்கள் நீளம், எழுத்துருவுக்கு எழுத்துரு அகலம் மாறும், கையால் எழுதினால் கேட்கவே வேண்டாம். அதனால் பக்கத்தை எண்ணாமல் கடிகாரத்தை வைத்துக்கொள்ளச் சொன்னேன். வசனத்தை நடிகர் பேசுகிற நிதானத்தில் வாய்விட்டுப் படிக்க வேண்டும். வசனம் இல்லாத இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு அந்தச் செயல் முழுவதும் நடந்து முடிகிற வரை காத்திருக்க வேண்டும். 'கத்தரியை எடுக்கிறார், வெட்டத் தயங்குகிறார்' என்பது தாளில் ஒரு வரிதான். திரையில் அதற்கு அரை நிமிடம் வேண்டும். இரண்டு முறை அளந்து, கூடுதலாக வந்ததை எடுத்துக்கொண்டோம். மொத்தம் 19 நிமிடம் 10 விநாடி.

கதையைச் சொல்லிவிடுகிறேன். கோவில்பட்டிப் பக்கம் ஒரு தையல்காரர். தீபாவளி நெருக்கடி. எல்லோரிடமும் 'முடிஞ்சிருச்சு, சாயங்காலம் வாங்க' என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். ஒரு பள்ளிக்கூடத்துப் பெண் ரசீதோடு வருகிறாள், அப்பா கொடுத்த சட்டைத் துணிக்காக. அவளிடமும் அதே பதில். உண்மையில் அந்தத் துணியில் கத்தரியே படவில்லை. பிறகு டீக்கடையில்தான் அவருக்குத் தெரிகிறது, அந்த மனிதர் இறந்துபோய்விட்டார் என்று. அந்த வீட்டில் தீபாவளி கிடையாது. பதினாறாம் நாள் படத்துக்கு முன்னால் வைத்துப் படைக்கத்தான் அந்தப் புதுச் சட்டை. அன்று இரவு உட்கார்ந்து தைக்கிறார்.

முதலில் எவ்வளவு குறைக்க வேண்டும் என்று கணக்குப் போட்டோம். 15 நிமிடம் முழுவதும் கதைக்கு இல்லை. தலைப்புக்கும் முடிவில் ஓடும் பெயர்களுக்கும் 1 நிமிடம் ஒதுக்கினால் மிச்சம் 14. படப்பிடிப்பில் எந்தக் காட்சியும் தாளில் உள்ளதைவிட நீளும். நடிகர் ஒரு மூச்சு அதிகம் எடுப்பார், கதவு திறக்க நேரமாகும். அதற்காக 1 நிமிடம் 20 விநாடி தள்ளிவைத்தோம். ஆகத் தாளில் 12 நிமிடம் 40 விநாடிக்குள் இருக்க வேண்டும். ஆறரை நிமிடம் போக வேண்டும். படத்தொகுப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆறரை நிமிடக் காட்சிகள் என்றால் ஏறக்குறைய ஒரு நாள் படப்பிடிப்பு. எடுத்துவிட்டு எறிவதற்கு அந்த மாணவியிடம் அவ்வளவு பணம் இல்லை.

ஒரு வாரம் கழித்து வந்தார். எல்லாக் காட்சியிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளியிருந்தார். இங்கே ஒரு வசனம், அங்கே ஒரு பார்வை. அளந்தோம், 16 நிமிடம் 30 விநாடி. இன்னும் ஏறக்குறைய நான்கு நிமிடம் அதிகம். அதைவிட எனக்கு வருத்தம், கதை மூச்சிரைக்க ஓடிக்கொண்டிருந்தது. யாரும் யாரையும் நின்று பார்ப்பதில்லை. பதில் கேட்பதற்குள் அடுத்த காட்சி. வசனத்தை அடுக்கடுக்காகப் பேச வைத்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. வெளிநாட்டு விழாவில் பார்க்கிறவர்கள் கீழே ஓடும் மொழிபெயர்ப்பைப் படித்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். வேகமாகப் பேசினால் எழுத்தையே படித்துக்கொண்டிருப்பார்கள், முகத்தைப் பார்க்க மாட்டார்கள்.

அந்தப் பிரதியில் இன்னொன்றையும் பார்த்தேன். பெண்ணின் வீட்டுக் காட்சியைச் சுருக்கியதால் விட்டுப்போன செய்தியை டீ மாஸ்டர் வாயில் போட்டிருந்தார். 'அண்ணாச்சி, உங்ககிட்ட தீபாவளிக்கு வெள்ளைச் சட்டை தைக்கக் குடுத்தாரே, பஸ் ஸ்டாண்டு பக்கம் பழக்கடை வச்சிருந்தாரே, அவரு போன வாரம் நெஞ்சுவலியில இறந்துட்டாருல்ல' என்று. சட்டை, பழக்கடை என்று இரண்டு பேருக்கும் தெரிந்த விஷயத்தை ஒருவர் இன்னொருவருக்கு விவரமாகச் சொன்னால், அது நமக்காகச் சொல்லப்படுகிறது என்று பார்க்கிறவருக்குப் பட்டுவிடும். குறைக்கிற வேலையில் அடிக்கடி நடக்கும் விபத்து இதுதான். காட்சியை எடுத்துவிட்டு அதன் செய்தியை வசனத்தில் திணித்துவிடுவோம்.

கிள்ளியதையெல்லாம் திரும்ப வைக்கச் சொன்னேன். மறுபடியும் பழைய பிரதி. அதில் 13 காட்சிகள். ஒவ்வொன்றுக்கும் எதிரில் ஒரே ஒரு வாக்கியம் எழுதச் சொன்னேன்: இந்தக் காட்சிக்கு முன்பு தெரியாத எது, இப்போது பார்க்கிறவருக்குத் தெரிகிறது?

தையல்காரரின் மனைவி வருகிற காட்சி இரண்டு. காலையில் வீட்டில், பிள்ளைகளுக்குத் துணி எப்போது எடுப்பது என்று கேட்கிறார். இரவு தொலைபேசியில் மறுபடியும் கேட்கிறார். இரண்டுக்கும் எதிரில் 'அவருக்கு வேலை தலைக்கு மேல் இருக்கிறது' என்றுதான் எழுத முடிந்தது. கடைக் காட்சிக்கு எதிரிலும் அதே வாக்கியம். மனைவியை முழுவதும் எடுத்தோம். இரண்டரை நிமிடம் ஒரே வீச்சில் போனது, மற்ற எந்தக் காட்சியும் தொடாமல். நான் மாணவர்களுக்குச் சொல்வது இதைத்தான்: பத்து இடத்தில் நூலை இழுப்பதைவிட ஓர் இழையை முழுதாக உருவுங்கள்.

இறந்தவர் உயிரோடு வந்து துணி கொடுக்கும் பழைய நினைவுக் காட்சி ஒன்று இருந்தது. 1 நிமிடம் 40 விநாடி. அதற்குப் பதிலாக அளவு நோட்டைப் பயன்படுத்தினோம். தையல்காரர் நோட்டைப் புரட்டி அந்தப் பக்கத்தைக் காண்கிறார். மார்பு 40, கை 9, நீளம் 29. ஓரத்தில் அவரே எழுதியது: 'கழுத்து லூசாக வேண்டும்'. ஒரு மனிதரின் உடம்பு அந்த எண்களில் இருக்கிறது. பத்து விநாடி போதும்.

கடினமாக இருந்தது பெண்ணின் வீட்டுக் காட்சி. அம்மா ரசீதை எடுத்துக் கொடுப்பதும், பெண் தெருவில் நடந்து வருவதும் சேர்த்து இரண்டரை நிமிடம். சுவரில் மாலை போட்ட படம் அந்த வீட்டில்தான் தெரிகிறது. அதனால் கடையில் 'சாயங்காலம் வாம்மா' என்று அவர் சொல்லும்போது, அவருக்குத் தெரியாதது நமக்குத் தெரிந்திருக்கும். அந்தக் கனத்தை இழக்க மாணவிக்கு மனம் வரவில்லை. எனக்கும்தான். வீட்டை வைத்தால் பதினைந்துக்குள் வராது, எடுத்தால் கடைக் காட்சி வெறும் துணி கேட்கிற காட்சியாகிவிடும். மூன்று நாள் அதிலேயே நின்றோம்.

வழி மாணவிக்குத்தான் தோன்றியது. பள்ளிக்கூடத்துப் பெண்ணோடு அவள் தம்பியையும் கடைக்கு வர வைத்தார். பையனுக்கு மொட்டை அடித்திருக்கிறது. கொள்ளி வைத்த பிள்ளை. நம் ஊர்க்காரர்களுக்கு அந்தத் தலையைப் பார்த்ததும் ஒரு சந்தேகம் தட்டும். ஆனால் மொட்டை வேண்டுதலுக்கும் போடுவதுதானே? தையல்காரர் மெஷினை விட்டுத் தலையைப் பாதி நிமிர்த்தி, 'என்ன தம்பி, திருச்செந்தூரா?' என்கிறார். பையன் அக்காவைப் பார்க்கிறான். அக்கா ரசீதை நீட்டுகிறாள். கூடியது ஐந்து விநாடி. இரண்டரை நிமிடம் செய்த வேலையை அது செய்தது. மொட்டையின் பொருள் தெரியாத வெளிநாட்டவர் டீக்கடையில் தையல்காரரோடு சேர்ந்து அறிந்துகொள்வார். அப்போது அந்தக் கேள்வி அவர் மனதில் திரும்ப ஒலிக்கும். டீ மாஸ்டரின் நீளமான வசனமும் தேவையற்றுப் போனது. 'மொட்டத் தலையோட வந்தானே, அந்தப் பையனோட அப்பாவா?' என்று தையல்காரர் கேட்பதே போதும்.

மற்றவை எளிதாக முடிந்தன. தொடக்கத்தில் கடைவீதியைச் சுற்றிக் காட்டும் ஒன்றரை நிமிடம் இருபது விநாடியானது, தெருச் சத்தம் கடைக்குள் கேட்டால் வீதி இருப்பது தெரியும். கடைக் காட்சியை வாடிக்கையாளர் உள்ளே வருவதிலிருந்து தொடங்காமல், அவர் கோபமாகத் திரும்பிப் போவதிலிருந்து தொடங்கினோம்.

இப்போது அளந்தால் 10 நிமிடம் 55 விநாடி. தேவைக்கும் கீழே. இந்த இடத்தில் நிறுத்திவிடக் கூடாது. மிச்சமானதைக் கதையில் எந்த இடம் பசித்துக் கிடக்கிறதோ அங்கே கொடுக்க வேண்டும். வெட்டத் தயங்குகிற காட்சிக்கு இருபது விநாடி, கடைசிக் காட்சிக்கு முப்பது விநாடி கூட்டினோம். தாளில் 11 நிமிடம் 45 விநாடி. படம் எடுத்துத் தொகுத்தபோது அது 13 நிமிடம் 20 விநாடியாக நீண்டிருந்தது, பெயர்களோடு 14 நிமிடம் 20 விநாடி. நீளுதலுக்கென்று இடம் விடாமல் இருந்திருந்தால் எல்லையைத் தாண்டியிருக்கும்.

கடைசிக் காட்சியில் முதலில் தையல்காரருக்கு நான்கு வரி வசனம் இருந்தது. சட்டையை அப்பாவின் அளவிலேயே வெட்டியதாகவும், பையன் உடம்புக்குத் தகுந்தபடி பக்கத்தில் பிடித்துத் தைத்திருப்பதாகவும், மீதித் துணி உள்ளேயே இருப்பதாகவும், வளர வளரப் பிரித்து விட்டுக்கொள்ளலாம் என்றும் விளக்குவார். கூட்டிய முப்பது விநாடியில் வசனம் இல்லை. அவர் சட்டையை உள்பக்கமாகத் திருப்புகிறார். தையலுக்கு அந்தப் பக்கம் மடிந்து கிடக்கும் துணியைக் காட்டுகிறார். பையனின் விரலைப் பிடித்து அதன்மேல் வைக்கிறார். பையன் தடவிப் பார்க்கிறான், இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை. "பிரிச்சுக்கலாம்" என்கிறார் தையல்காரர்.

நன்றி, வணக்கம்.