சீல் உடையவில்லை, ஆனால் டிராலி தயாரா?

[காட்சி: காலை ஷிப்ட். மெடிக்கல் வார்டின் எமர்ஜென்சி டிராலி. இழுப்பறைகளை மூடியிருக்கும் பிளாஸ்டிக் சீல், எண் 4518.]

ஹேண்டோவர் முடிந்ததும் முதலில் இந்த எண்ணைப் பாருங்கள். ரிஜிஸ்டரிலும் 4518தானா? சரி. கடைசியாகப் பூட்டிய பிறகு யாரும் திறக்கவில்லை. சீலுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். உள்ளே ஒரு மருந்து காலாவதியானால் அது சொல்லாது.

அதற்காகத்தான் வெளியே இந்த அட்டை. உள்ளே இருப்பவற்றில் எது முதலில் எக்ஸ்பைரி ஆகும் என்று இதில் எழுதியிருக்கும்.

[காட்சி: அட்டை நெருக்கத்தில். "அமியோடரோன், 11/2026. சீல் 4491".]

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். பூட்டில் 4518, அட்டையில் 4491. நடுவில் ஒரு நாள் இரவு கோட் ப்ளூ நடந்திருக்கிறது. தீர்ந்துபோன அட்ரினலினை வார்டு ஸ்டாக்கிலிருந்து எடுத்து நிரப்பி, புது சீல் போட்டு, எண்ணை ரிஜிஸ்டரிலும் எழுதிவிட்டார்கள். அட்டையை மட்டும் யாரும் தொடவில்லை.

[காட்சி: சீலை உடைத்து இழுப்பறையைத் திறக்கும் கைகள். ஆம்பூலில் "EXP 04/2026".]

மாதமும் வருடமும் மட்டும் இருந்தால் அந்த மாதத்தின் கடைசி நாள் வரை பயன்படுத்தலாம். ஆக மே 1 முதல் இந்த அட்ரினலின் ஆகாது. அட்டையை நம்பியிருந்தால் நவம்பர் வரை யாரும் திறந்திருக்க மாட்டார்கள். சீல் எண்ணை அட்டையிலும் எழுதும் பழக்கம் இருந்ததால்தான் இது கண்ணில் பட்டது. ஆம்பூலை மாற்றி, புது சீல் போட்டு, ரிஜிஸ்டர், அட்டை இரண்டையும் திருத்துங்கள். திறந்த கையோடு லாரிங்கோஸ்கோப்பை விரித்து பல்பையும் பார்த்துவிடுங்கள். சீலுக்குள் இருந்தாலும் பேட்டரி தானாக இறங்கும்.

[காட்சி: டிராலியின் மேல்தட்டு. டீஃபிப்.]

டீஃபிப்பைச் சோதிக்கும்முன் பிளக்கைக் கழற்றுங்கள். அவசரத்தில் அது ஓடப்போவது பேட்டரியில்தான். எத்தனை ஜூலில் சோதிப்பது என்பது மெஷினுக்கு மெஷின் மாறும், மேனுவலில் இருப்பதைப் பின்பற்றுங்கள். வெளிவரும் ஸ்ட்ரிப்பைத் தேதி போட்டு ரிஜிஸ்டரில் ஒட்டுங்கள். பேட் பாக்கெட்டுக்கும் எக்ஸ்பைரி உண்டு. ஜெல் காய்ந்தால் சரியாக ஒட்டாது.

முடிந்ததும் பிளக்கை மாட்டி, சுவர் சுவிட்சையும் பாருங்கள். பிளக் மாட்டியிருக்கும், சுவிட்ச் ஆஃபில் இருக்கும். யாரோ போன் சார்ஜ் செய்திருப்பார்கள்! சார்ஜிங் விளக்கு எரிந்த பிறகே நகருங்கள்.

[காட்சி: சக்ஷன் குழாயின் முனையைக் கட்டைவிரல் அடைக்கிறது. மீட்டர் முள் ஏறுகிறது.]

சக்ஷனில் மோட்டார் சத்தம் மட்டும் போதாது. முனையை அடைத்தால் முள் சட்டென்று 300 mmHg-ஐத் தாண்ட வேண்டும். ஏறாவிட்டால் முதலில் ஜாடியின் மூடியை இறுக்கிப் பாருங்கள். பெரும்பாலும் காற்று கசிவது அங்கேதான். அப்போதும் ஏறவில்லையா? பழுது என்று சீட்டு ஒட்டி ஓரமாக வைத்துவிட்டு, பயோமெடிக்கலுக்குச் சொல்லுங்கள். அவர்கள் வரும்வரை காத்திருக்காமல், மாற்று மெஷினை அப்போதே டிராலியில் ஏற்றிவிட்டு ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடுங்கள்.