குளிரில் கலங்கும் விஸ்கி: சந்தேகமும் விளக்கமும்

கேள்வி: "கனடாவிலிருந்து மைத்துனர் கொண்டுவந்த விஸ்கியைப் பிரிட்ஜில் வைத்தேன், மறுநாள் கலங்கிவிட்டது. இது போலியா? ‘குளிர்வடிகட்டல் செய்யப்படவில்லை, இயற்கை நிறம்’ என்று லேபிளில் இருக்கிறதே, அதற்கு என்ன பொருள்?"

முதலில் போத்தலை வெளியே எடுத்து மேசையில் வைத்துவிடுங்கள். நமது யாழ்ப்பாண வெப்பத்தில் சில மணி நேரத்தில் அது பழையபடி தெளிந்துவிட்டால், நீங்கள் கண்டது பழுதல்ல. சூடேறிய பின்னும் கலங்கல் நீங்காமலோ, அடியில் வண்டலாகப் படிந்தோ இருந்தால் காரணம் வேறு. அதைக் குடிக்காமல் விடுவதே நல்லது.

மதுவம் நொதிக்கச் செய்யும்போது உண்டாகும் கொழுப்பமில எசுத்தர்கள் என்னும் எண்ணெய்த்தன்மையான சேர்வைகள், காய்ச்சி வடித்த பின்னும் விஸ்கியில் சிறிதளவு தங்கிவிடுகின்றன. அவற்றுள் ஒன்று, நம் தேங்காய் எண்ணெயில் மிகுந்திருக்கும் லோரிக் அமிலத்தின் எசுத்தர். மார்கழி விடியலில் எண்ணெய்ப் போத்தல் வெள்ளையாக இறுகுவதைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் அங்கே எண்ணெயே உறைகிறது. விஸ்கியிலோ, மதுசாரத்தில் நன்றாகக் கரையும் இந்த எசுத்தர்கள் தண்ணீரில் கரையாதவை என்பதால், குளிர் கூடும்போதும் மதுசாரம் குறையும்போதும் கரைந்திருக்க இடமின்றி நுண்துகள்களாகப் பிரிந்து ஒளியைச் சிதறடிக்கின்றன. 46 வீத விஸ்கி 60 மில்லிலீற்றருடன் 20 மில்லிலீற்றர் தண்ணீர் சேர்த்தால் அது ஏறத்தாழ 34.5 வீதமாகிவிடும். ஐஸ் கட்டியோ தண்ணீரையும் குளிரையும் ஒன்றாகவே கொண்டுவருகிறது. அதனால்தான் போத்தலில் தெளிவாக இருந்தது கிளாசில் கலங்குகிறது.

இந்தக் கலங்கலைக் கண்டு வாங்குபவர் தயங்கக்கூடாது என்பதற்காகவே பல நிறுவனங்கள் விஸ்கியைப் பூச்சிய பாகைக்கு அண்மையாகக் குளிரவைத்து, பிரிந்துவரும் எசுத்தர்களைச் செலுலோசுத் தட்டுகளினூடாக அழுத்தி வடிகட்டி நீக்கிவிடுகின்றன. அதுவே குளிர்வடிகட்டல். அதனால் வாயில் உணரும் எண்ணெய்ப் பதம் சற்றுக் குறையலாம். எவ்வளவு என்பதில் சுவைப்பவர்கள் ஒத்துப்போவதில்லை. இப்படி வடிகட்டாதவற்றைப் பெரும்பாலும் 46 வீதத்திலோ அதற்கு மேலோ அடைப்பார்கள், ஏனெனில் அந்த அளவில் சாதாரண வெப்பநிலையில் கலங்கல் அரிது. ஆனால் அது சட்டமல்ல, பட்டறிவு. பிரிட்ஜின் குளிரில் அதுவும் கலங்கக்கூடும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: தெளிவு நம்பகத்தன்மைக்குச் சான்றல்ல. நஞ்சான மெதனோல் கலந்தாலும் திரவம் பளிங்குபோலத் தெளிவாகவே இருக்கும்.

நிறம் இதனோடு தொடர்பற்ற தனிக் கதை. வடித்தெடுத்தவுடன் விஸ்கிக்கு நிறமே இல்லை. ஓக் பீப்பாயில் கிடந்துதான் பொன்னிறம் பெறுகிறது. பீப்பாய்க்குப் பீப்பாய் நிறம் மாறுவதால், எல்லாப் போத்தலும் ஒன்றுபோலத் தோன்ற வேண்டுமென்று, E150a எனப்படும் எரித்த சீனிச் சாயத்தைச் சிறிதளவு சேர்ப்பதுண்டு. ஸ்கொட்லாந்து விதிகளும் இதை அனுமதிக்கின்றன. உங்கள் போத்தலில் இது சேர்க்கப்படவில்லை என்பதையே ‘இயற்கை நிறம்’ என்ற சொல் குறிக்கிறது. ஆகவே கருமையைப் பார்த்து வயதைக் கணிக்க வேண்டாம். லேபிளில் அச்சிட்ட ஆண்டெண்ணிக்கையையே பாருங்கள்.