ஒரு ரசிகரின் புகார்க் கடிதம்

நேயர்களுக்கு வணக்கம். திரையரங்குகளில் ஒலிக்கருவிகளைப் பழுது பார்ப்பது என் தொழில். "சவுண்ட் சரியில்லை" என்று புகார் வந்தால் எங்கே கை வைப்பது என்றே எங்களுக்குத் தெரியாது. அண்மையில் ஓர் அரங்கின் மேலாளர் காட்டிய கடிதம் அப்படிப்பட்டதல்ல. எழுதியவர் அங்கே வாரம் தவறாமல் படம் பார்ப்பவர். அதில் ஒரு பகுதியைப் படிக்கிறேன்.

"எஃப் வரிசையில் நடுவில் அமர்ந்திருந்தேன். பாடலும் சண்டையும் காதைத் துளைத்தன. பேச்சு மட்டும் போர்வைக்குள்ளிருந்து வந்ததுபோல் இருந்தது. ஒலியைக் கூட்டச் சொன்னோம். கூட்டிய பிறகு பாடல் இன்னும் அலறியதே தவிர, பேச்சு தெளியவில்லை."

இதைப் படித்ததுமே பழுது எங்கே என்று பாதி புரிந்துவிட்டது. படத்தில் பேச்சு பெரும்பாலும் திரைக்குப் பின்னால் நடுவில் நிற்கும் ஒலிபெருக்கியிலிருந்துதான் வருகிறது. இசை இடம், வலம், பக்கச் சுவர் என எல்லாப் பக்கமும் பரவும். நடு ஒலிபெருக்கியின் மேற்பகுதியில் கூர்மையான ஒலிகளைத் தரும் புனல் போன்ற ஹார்ன் இருக்கும். அதற்குள் ஒலியை எழுப்பும் டிரைவர் என்ற பாகத்திலுள்ள மெல்லிய தகடு கெட்டுவிட்டால் 'ச', 'த' போன்ற எழுத்துகளின் கூர்மை போய்விடும். கீழ்ப்பெட்டியின் முழக்கம்தான் மிஞ்சும். ஒட்டுமொத்த ஒலியைக் கூட்டினால் பழுதில்லாத மற்ற ஒலிபெருக்கிகளும் சேர்ந்து கத்தும். ஆனாலும் ஊகத்தை நம்பி யாரும் கருவியைப் பிரிப்பதில்லை. சோதனை இரைச்சலை இடம், நடு, வலம் என்று ஒவ்வொன்றாக ஓட விட்டோம். நடுவில் மட்டும் மந்தமாக ஒலித்தது.

இனி காட்சி நின்ற கதை. "விளக்குகள் ஒரு நொடி அணைந்து எரிந்தன. திரை மட்டும் இருபது நிமிடம் இருண்டிருந்தது. மின்வெட்டு என்றார் ஊழியர். மீண்டும் தொடங்கியபோது ஒரு காட்சியே காணாமல் போயிருந்தது" என்கிறார். ஊழியர் சொன்னது பொய்யல்ல, பாதி உண்மை. மின்சாரம் போய் ஜெனரேட்டர் எடுப்பதற்குள் யுபிஎஸ் தாங்க வேண்டும். அதன் பேட்டரி செத்திருந்ததால் படம் ஓட்டும் சர்வர் அணைந்துவிட்டது. அது எழுந்து வரச் சில நிமிடங்கள் ஆகும். நின்ற இடத்தைத் தேடாமல் குத்துமதிப்பாக ஓட்டியது ஆபரேட்டரின் அவசரம். அரங்கில் காத்திருந்தவர்களுக்கு ஓர் அறிவிப்பாவது செய்திருக்கலாம்!

கடிதத்தில் ஒரே குறை, டிக்கெட் எண் இல்லை. காட்சி தேதியும் இருக்கை எண்ணும் உள்ள டிக்கெட்டின் நகலை இணைத்திருந்தால் மேலாளர் தட்டிக்கழிக்க இடமிருந்திருக்காது.

டிரைவரை மாற்றினோம், பேட்டரியும் மாறியது. பணத்தைத் திருப்பித் தருவது பற்றி மேலாளர் இன்னும் பதில் எழுதவில்லை. ரசிகர் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதென்றால், 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி அவருக்கு இரண்டு ஆண்டுகள் அவகாசம் இருக்கிறது.