சம்பளம் 27 சதவீதம் ஏறிவிட்டதாம், பார்த்துவிடலாம்

வணக்கம் மக்களே! சேலத்தில் மொட்டை மாடியில் இருந்து பேசுகிறேன், பின்னால் சேர்வராயன் மலை தெரிகிறதா? மேகம் மூடிவிட்டது, விடுங்கள். இன்றைக்கு மலை வீடியோ இல்லை, கடுப்பு வீடியோ.

ஏப்ரலில் எங்கள் ஆபீசில் இன்கிரிமென்ட் லெட்டர் கொடுத்தார்கள். 2021 ஏப்ரலில் கையில் வந்தது 22,000. இப்போது, 2025 ஏப்ரலில், 28,000. "நாலு வருஷத்தில் 27 சதவீதம் ஏற்றியிருக்கிறோம்" என்று மேனேஜர் தட்டிக்கொடுத்தார். கணக்கு சரிதான். அன்று மாலையே அஸ்தம்பட்டி பக்கம் தட்டுவடை செட் சாப்பிடப் போனேன். செட் 40 ரூபாய்! 2021இல் இதே தள்ளுவண்டியில் 25. பீட்ரூட், கேரட் துருவல் குறைந்திருக்கிறது, பச்சைச் சட்னி தண்ணியாக ஓடுகிறது, தட்டுவடையும் சுருங்கிவிட்டது. அண்ணனிடம் கேட்டால் எண்ணெய் விலையைக் காட்டுகிறார். 15 ரூபாய் ஏற்றம், 60 சதவீதம்! என் சம்பளம் தட்டுவடையிடமே தோற்றுவிட்டது.

சரி, தட்டுவடையை மட்டும் வைத்து முடிவு கட்டினால் அது அழுகுணி ஆட்டம். ஊர் விலைவாசி மொத்தமாக எவ்வளவு ஏறியது என்று பார்க்க வேண்டும். அதற்கு மத்திய அரசின் லேபர் பீரோ மாதாமாதம் ஒரு எண் வெளியிடுகிறது: தொழிலாளர்களுக்கான நுகர்வோர் விலைக் குறியீடு, CPI-IW என்று இருக்கும். மத்திய அரசு ஊழியர்களின் அகவிலைப்படி இதை வைத்துத்தான் ஏறுகிறது. 2016இல் 100 என்று வைத்து, அங்கிருந்து எண்ணுகிறார்கள். ஒரு மாதத்து எண் அடுத்த மாதக் கடைசியில்தான் வரும். அதனால்தான் ஏப்ரல் லெட்டருக்கு ஜூனில் வீடியோ போடுகிறேன்.

2021 ஏப்ரலில் அந்த எண் 120.1. 2025 ஏப்ரலில் 143.5. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் 1.195. அதாவது விலைவாசி 19.5 சதவீதம் ஏறியிருக்கிறது. என் பழைய 22,000ஐ இதனால் பெருக்கினால் கிட்டத்தட்ட 26,290. கவனியுங்கள், இது உயர்வே இல்லை. 2021இல் இருந்த இடத்திலேயே நிற்பதற்கு வேண்டிய பணம். 28,000ஐ 26,290ஆல் வகுத்தால் 1.065. நாலு வருஷத்துக்கும் சேர்த்து உண்மையான உயர்வு ஆறரை சதவீதம்!

பக்கத்து சீட் நண்பர் 27.3இல் 19.5ஐக் கழித்து 7.8 என்றார். கழிக்கக் கூடாது, வகுக்கத்தான் வேண்டும். ஏறிய 6,000 ரூபாயிலும் விலைவாசி கைவைக்கும் அல்லவா? ஒரு வருஷக் கணக்கில் வித்தியாசம் தெரியாது, வருஷம் கூடக் கூடப் பெரிதாகும்.

வருஷத்துக்கு எவ்வளவு என்று தெரிய, போன் கால்குலேட்டரில் 1.065 போட்டு √ பொத்தானை இரண்டு முறை தட்டுங்கள். 1.016 வரும், அதாவது வருஷம் 1.6 சதவீதம். இரண்டு தட்டு நாலு வருஷக் கணக்குக்கு மட்டும்தான், மூன்று வருஷத்துக்கு இது உதவாது. இதைக் கண்டுபிடித்தபோது எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, இன்கிரிமென்ட்டுக்குக்கூட வரவில்லை.

அய்யோ, முதலில் சொல்லியிருக்க வேண்டியது: இரண்டு பக்கமும் ஒரே மாதிரிச் சம்பளத்தை எடுங்கள். அங்கே பி.எஃப். பிடித்தது போக, இங்கே பிடிக்காமல் என்று எடுத்தால் உயர்வு பொய்யாகத் தெரியும். மாதமும் ஒன்றாக இருக்கட்டும். இன்கிரிமென்ட் வந்த மாதத்தில்தான் சம்பளத்துக்கு மதிப்பு அதிகம், அப்புறம் அடுத்த ஏப்ரல் வரை சம்பளம் அசையாது, விலை ஏறிக்கொண்டே போகும். ஏப்ரலை மார்ச்சோடு ஒப்பிட்டால் கணக்கு ஒரு பக்கம் சாய்ந்துவிடும்.

நான் போட்டது இந்திய சராசரி. சேலத்துக்கென்றே தனி எண்ணும் அதே பட்டியலில் உண்டு, முறை ஒன்றுதான். ஆனால் எந்த எண்ணுக்கும் நம் வீடு தெரியாது. அந்தக் குறியீட்டில் வீட்டுச் செலவின் பங்கு சுமார் 17 சதவீதம். எனக்கு 2021இலேயே சம்பளத்தில் கால் பங்குக்கு மேல் வாடகை. 6,000ஆக இருந்தது இப்போது 8,500. ஏறிய 6,000இல் 2,500 வீட்டுக்காரம்மாவுக்கே போய்விட்டது. ஆகவே என் ஆறரை சதவீதம்கூடக் கொஞ்சம் தாராளமான கணக்குதான். சொந்த வீட்டுக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

2020 செப்டம்பருக்கு முந்தைய சம்பளத்தோடு ஒப்பிடுகிறவர்கள் மட்டும் ஒன்று பாருங்கள். பழைய பட்டியல் 2001இல் 100 என்று தொடங்கியது. 2019 ஏப்ரல் எண் 312 என்றிருக்கும். அதை அப்படியே 143.5 பக்கத்தில் வைத்தால் விலை பாதியாகக் குறைந்தது போல இருக்கும். 2.88ஆல் வகுத்துவிட்டு, 108.3 என்று எடுத்துக்கொண்டு கணக்கைத் தொடங்குங்கள். கொலுசுப் பட்டறை வீடியோ ஞாயிற்றுக்கிழமை வரும், பை!