என்ஏவி-யிலிருந்து செலவு விகிதத்தை இன்னொரு முறை கழிக்கலாமா?

கேள்வி: "சார், குவிஸ்ல ஒரு ஃபண்டோட என்ஏவி வருஷ ஆரம்பத்துல 50 ரூபாய், முடிவுல 56 ரூபாய், எக்ஸ்பென்ஸ் ரேஷியோ 1.5%, முதலீட்டாளருக்கு எவ்வளவு வருமானம்னு கேட்டாங்க. 12-ல 1.5 போக 10.5%னு போட்டேன், தப்புன்னு வந்துச்சு. ஏன் சார்?"

சரியான விடை 12%. என்ஏவி என்பது ஒரு யூனிட்டின் நிகரச் சொத்து மதிப்பு. அது 50 ரூபாயிலிருந்து 56 ஆகியிருக்கிறது, ஆறு ரூபாய் லாபம், அவ்வளவுதான் கணக்கு. அந்த 1.5% இதில் ஏற்கெனவே போய்விட்டது. 56 என்பது செலவு போக மிஞ்சிய எண்.

அது எப்படிப் போகிறது என்று பார்த்துவிட்டால் இந்தக் கேள்வியில் மறுபடி தடுமாற மாட்டீர்கள். ஒரு ஃபண்டிடம் இன்றைய சந்தை விலையில் 98 கோடி ரூபாய்க்குப் பங்குகள், வங்கியில் 2.5 கோடி, கொடுக்க வேண்டிய பாக்கி 50 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 98-ஐயும் 2.5-ஐயும் கூட்டி 0.5-ஐக் கழித்தால் 100 கோடி. யூனிட்கள் 2 கோடி. ஆக என்ஏவி 50 ரூபாய். நீங்கள் கவனிக்க வேண்டியது அந்தப் பாக்கி 50 லட்சத்தைத்தான். நிர்வாகக் கட்டணம், விநியோகஸ்தர் கமிஷன், பதிவாளர் கட்டணம் எல்லாம் அதற்குள்தான் சேர்ந்துகொண்டே வருகின்றன.

வருடத்துக்கு 1.5% என்றால் வருடக் கடைசியில் மொத்தமாக எடுப்பதில்லை. ஒவ்வொரு நாளும் அன்றைய சொத்து மதிப்பின் மேல் அந்த 1.5%-இல் 365-இல் ஒரு பங்கைச் செலவாக எழுதிக்கொள்கிறார்கள். 100 கோடிக்கு ஒரு நாள் செலவு சுமார் 41,096 ரூபாய். அதை 2 கோடி யூனிட்டுக்குப் பிரித்தால் யூனிட்டுக்கு 0.002 ரூபாய், அதாவது ஒரு பைசாவில் ஐந்தில் ஒரு பங்கு. உங்கள் ஸ்டேட்மென்ட்டில் இதற்கென்று தனி வரி எதுவும் வராது, யூனிட்டும் குறையாது. அதனால்தான் பலர் இன்னும் கழிக்கவில்லை போல என்று நினைத்து இன்னொரு முறை கழித்துவிடுகிறார்கள்.

சந்தேகம் இருந்தால் நிஜ ஃபண்டிலேயே பாருங்கள். 2013 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் ஒரே திட்டத்துக்கு ரெகுலர், டைரக்ட் என்று இரண்டு பிளான்கள் இருக்கின்றன. பங்குகளும் ஒன்றே, மேலாளரும் ஒருவரே. டைரக்டில் விநியோகஸ்தர் கமிஷன் இல்லை, அதனால் செலவு விகிதம் குறைவு. லாபத்தைப் பணமாகப் பிரித்துக் கொடுக்காத குரோத் வகையில் இரண்டின் என்ஏவி-யையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் டைரக்ட் மேலே இருக்கும், வருடம் போகப் போக இடைவெளியும் விரியும். செலவு என்ஏவி-க்குள்ளேயே கழிகிறது என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி கிடையாது.

அப்படியென்றால் 1.5-ஐக் கழிக்கவே கூடாதா? கேள்வியின் வார்த்தையைப் பார்க்க வேண்டும். "ஃபண்டின் பங்குகள் செலவுக்கு முன் 12% வளர்ந்தன, ஆண்டு இறுதி என்ஏவி என்ன?" என்று கேட்டால் கழித்தே ஆக வேண்டும். அங்கேயும் 12-1.5 என்று எடுத்து 55.25 போடுவது தோராயம்தான். "ஆண்டு இறுதிச் சொத்தின் மேல் 1.5%" என்று கேள்வி சொன்னால் முதலில் 50-ஐ 56 ஆக்குங்கள். 56-இன் 1.5%, 84 பைசா. மிச்சம் 55.16, வருமானம் 10.32%. நிஜத்தில் தினமும் கழிப்பதாகக் கணக்குப் போட்டாலும் கிட்டத்தட்ட 55.17-தான் வருகிறது. விடைப் பட்டியலில் 10.5-உம் 10.32-உம் இரண்டுமே இருந்தால், எதன் மேல் கட்டணம் என்று கேள்வியை இன்னொரு தடவை படியுங்கள்.

அப்புறம், என்ஏவி-க்கு வெளியே நிற்கும் விஷயங்களும் உண்டு. வருடத்துக்குள் வெளியேறினால் 1% எக்ஸிட் லோடு என்று கேள்வியில் இருந்தால் அதை 56-இலிருந்து நீங்கள்தான் கழிக்க வேண்டும். கைக்கு வருவது 55.44, வருமானம் 10.88%. வருடத்தின் நடுவே யூனிட்டுக்கு 2 ரூபாய் பணமாகக் கொடுத்திருந்தால் அதைக் கூட்ட வேண்டும், அப்போது ஆறு ரூபாய் லாபம் எட்டாகி 16% வரும்.

அமெரிக்கப் பாடப்புத்தகத்தை ஒட்டிய குவிஸ் என்றால் நுழையும்போதே பிடிக்கும் லோடும் கேட்பார்கள். இந்தியாவில் அதை 2009 ஆகஸ்டிலேயே செபி நிறுத்திவிட்டது, அதனால் நம் மாணவர்களுக்கு அது பழக்கமில்லை. என்ஏவி 50, லோடு 5% என்றால் வாங்கும் விலை 52.50 இல்லை. நீங்கள் கொடுக்கும் பணத்தில்தான் 5% போகிறது. எனவே 50-ஐ 0.95-ஆல் வகுங்கள், 52.63 வரும்.