எதிரணி காட்டிய படமே எங்கள் சாட்சி

நடுவர்: "புகைப்படத்தில் முகத்தைப் பார்த்தே ஒருத்தரோட வயசைச் சொல்லிட முடியுமா, முடியாதா? முடியும்னு மூணு பேர் பேசிட்டாங்க. முடியாதுங்கிற அணி, வாங்க."

நடுவர் அவர்களே, அவையோர்களே, வணக்கம்.

எதிரணியில் பேசிய வங்கி சாரிடம் முதலில் நன்றி சொல்லிவிடுகிறேன். "எனக்கு 63 வயது, என் போட்டோவைப் பார்ப்பவர்கள் எல்லோரும் 50 என்கிறார்கள்" என்று பெருமையாகச் சொன்னார். கைதட்டலும் வாங்கினார். சார், படத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும் 13 வருடம் தப்பாகச் சொன்னார்கள் என்றால் நீங்கள் உட்கார வேண்டிய நாற்காலி எங்கள் பக்கம் இருக்கிறது. அதில் மரியாதைக்குச் சொன்னவர்களும் இருப்பார்கள். அதை விட்டாலும், முன்பின் தெரியாத முகங்களைக் காட்டி வயது கேட்டுப் பார்த்த ஆய்வுகளில் ஒரு போக்கு திரும்பத் திரும்ப வருகிறது: இளையவர்களுக்குக் கூட்டிச் சொல்கிறோம், மூத்தவர்களுக்குக் குறைத்துச் சொல்கிறோம். தெரியாதபோது மனம் நடுவயதுப் பக்கம் சாய்ந்துவிடுகிறது.

பல் டாக்டர் அம்மா பேசியது வேறு தரம். அவர் சொன்னதில் பெரும்பகுதியை ஒப்புக்கொள்கிறேன். முன்பல் இல்லாமல் சிரிக்கும் ஒரு குழந்தையின் படத்தைக் கொடுத்தால் ஆறு, ஏழு என்று யாரும் சொல்லிவிடலாம். தப்பினாலும் ஒரு வருடம் தப்பும். பல்லைக் காட்டாவிட்டாலும் பரவாயில்லை. சின்னக் குழந்தைக்கு நெற்றி பெரிது, தாடை சிறிது, அதனால் கண்கள் முகத்தில் தாழ்வாக உட்கார்ந்திருக்கும். வளர வளரத் தாடை கீழே இறங்கி முகம் நீளும். இதெல்லாம் எலும்பு வளர்கிற கணக்கு, ஏறக்குறைய எல்லோருக்கும் ஒரே வரிசையில் நடப்பது. ஆனால் அம்மா, அந்தக் கணக்கு பருவ வயதிலேயே ஆட்டம் காண ஆரம்பிக்கிறது. ஒரே வகுப்பில் மீசை அரும்பியவனும் பால் முகம் மாறாதவனும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். இருபதைத் தாண்டிவிட்டால் எலும்பு வளர்ந்து முடிந்துவிடும். அதற்கப்புறம் நாம் படத்தில் படிப்பது தோலைத்தான்.

தோல் எதைக் காட்டுகிறது? 2012இல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் வந்த படம் ஒன்று உண்டு. 69 வயது லாரி ஓட்டுநர், 28 வருடம் வண்டி ஓட்டியவர். அங்கே ஓட்டுநர் இருக்கை இடது பக்கம். ஜன்னல் வெயில் இடது கன்னத்தில் விழும். அந்தப் படத்தில் அவருடைய இடது பாதித் தோல் தடித்து, ஆழமாகச் சுருங்கித் தொங்குகிறது. வலது பாதி அவ்வளவு மோசமில்லை. ஒரே ஆள், ஒரே பிறந்த நாள், ஆனால் படத்தின் நடுவில் ஒரு தாளை வைத்து ஒவ்வொரு பாதியாகக் காட்டினால் அண்ணன் தம்பி என்பீர்கள். வெயிலில் தோலைச் சிவக்க வைக்கும் கதிரைக் கண்ணாடி பெரும்பாலும் தடுத்துவிடும். உள்ளே ஆழமாகப் போய்த் தோலைத் தளர வைக்கும் கதிரில் நிறைய அதைத் தாண்டி வந்துவிடும். அவர் முகத்தில் எழுதியிருந்தது எந்தப் பக்கம் ஜன்னல் இருந்தது என்பதைத்தான்.

சரி, ஸ்டூடியோ அண்ணனிடம் வருகிறேன். "முகத்தை விடு, கழுத்தையும் கையையும் பார், அது பொய் சொல்லாது" என்றார். பாதி சரி. கழுத்துத் தோல் மெல்லியது, மேக்கப்பும் அங்கே அவ்வளவாகப் போவதில்லை. ஆனால் அதுவும் வெயிலில் காய்கிற தோல்தானே அண்ணே? தவிர, நீங்கள் எடுக்கும் பாஸ்போர்ட் போட்டோவில் கை எங்கே வருகிறது?

அவர் திரையில் போட்ட படத்தை எடுத்துக்கொள்கிறேன். வீட்டு வாசலில் ஓர் அம்மா சிரித்தபடி நிற்கிறார். 45 என்றது ஒரு குரல், 50 என்றது இன்னொன்று. கடைசியில் அண்ணன் உண்மையைச் சொன்னார்: அன்றைக்கு அந்த அம்மாவுக்கு 34. "ஒன்றிரண்டு பேர் தவறுவது சகஜம்" என்று சமாளித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார். நான் போகவில்லை.

நிழலைப் பாருங்கள். காலடியில் சுருண்டு கிடக்கிறது, உச்சி வெயில். மேலிருந்து வரும் வெளிச்சம் கண்ணுக்குக் கீழே உள்ள சின்னக் குழியையும் கருவளையம் ஆக்கிவிடும். மூக்கோரத்திலிருந்து வாயோரம் இறங்கும் கோடு இவருக்கும் லேசாக இருக்கிறது, எனக்கும் இருக்கிறது. வெயில் அதில் மை ஊற்றியிருக்கிறது. அப்புறம், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியிருக்கிறார், சிரிக்கவும் செய்கிறார். அதனால் கண்ணோரத்தில் விசிறிபோல் மூன்று கோடுகள். சிரித்த முகம் இளமையாகத் தெரியும் என்று நாம் நம்புகிறோம். ஆனால் ஒரே ஆளைச் சிரிக்க வைத்தும் சும்மா நிற்க வைத்தும் எடுத்த படங்களைக் காட்டிக் கேட்டபோது, சிரித்த படத்துக்கே வயதைக் கூட்டிச் சொன்னார்கள். எல்லா வயதுக்கும் அது ஒரே மாதிரி பொருந்துமா என்பதில் எனக்கே தயக்கம் உண்டு. 34 வயது முகத்துக்குப் பொருந்தும் என்பேன்.

இன்னொன்று, கன்னத்தில் இருக்கும் மங்கு. நம்மைப் போன்ற கருநிறத் தோலில் சுருக்கம் தாமதமாகத்தான் வரும். வயது பெரும்பாலும் நிறத்திட்டாகத் தெரியும். அதனால் சுருக்கத்தை மட்டும் எண்ணிப் பழகியவர் நம் ஆட்களுக்கு வயதைக் குறைத்துவிடுவார். ஆனால் மங்கை வைத்தும் கணக்குப் போட முடியாது. அது கர்ப்ப காலத்தில் 25 வயதுப் பெண்ணுக்கும் வரும். அந்த அம்மாவுக்கு எதனால் வந்தது என்று படம் சொல்லாது. இதே அம்மாவை நிழலில் நிறுத்தி, முன்னாலிருந்து மென்மையான வெளிச்சம் கொடுத்து, கைப்பேசியின் 'அழகு' வசதியையும் போட்டு எடுத்திருந்தால் இந்த அவையே 28 என்றிருக்கும். முகம் மாறவில்லை, மாறியது வெளிச்சமும் மென்பொருளும்தான்.

"எங்களுக்குச் சரியான எண் வேண்டாம், சுமாராகச் சொன்னால் போதும்" என்று அடுத்து வருபவர் சொல்லுவார், தெரியும். ஆனால் வயதைத் துல்லியமாகக் கேட்கும் இடங்கள் இருக்கின்றன. 2015இல் வந்த சிறார் நீதிச் சட்டத்தின் 94ஆவது பிரிவைப் பாருங்கள். நேரில் கொண்டுவந்து நிறுத்தியவர் குழந்தைதான் என்று தோற்றத்திலேயே வெளிப்படையாகத் தெரிந்தால் அதையே பதிவு செய்யலாம் என்கிறது. டாக்டர் அம்மா சந்தோஷப்படலாம். சந்தேகம் என்று வந்துவிட்டால் முகத்துக்கு அங்கே வேலை இல்லை. முதலில் பள்ளிச் சான்றிதழ், அது இல்லையென்றால் மாநகராட்சியோ நகராட்சியோ பஞ்சாயத்தோ கொடுத்த பிறப்புச் சான்றிதழ், அதுவும் இல்லாவிட்டால்தான் எலும்புப் பரிசோதனை. எக்ஸ்ரேயில் எலும்பையே பார்த்துச் சொல்லும் அந்தப் பரிசோதனைக்கும் முன்னே பின்னே இரண்டு வருடம் தவறலாம் என்று உச்ச நீதிமன்றம் 1982இலேயே சொல்லியிருக்கிறது.

எனவே எதிரணியில் அடுத்துப் பேச வருபவரிடம் ஒன்றே ஒன்று கேட்டுவிட்டு உட்காருகிறேன். ஒரு பையனின் படம். வயது 17ஆக இருக்கலாம், 19ஆக இருக்கலாம். பல் எல்லாம் முளைத்துவிட்டது, சுருக்கம் எதுவும் இல்லை, மீசை இருக்கிறது. அந்த இரண்டு வருடத்தைப் பிரித்துக் காட்டும் அடையாளம் அவன் முகத்தில் எங்கே இருக்கிறது? மைக்கைப் பிடித்ததும் முதலில் அதைச் சொல்லுங்கள்.