வைரத் தோடும் திரும்ப விற்கும் விலையும்

நேயர்களுக்கு வணக்கம். நகை மதிப்பீட்டாளனான என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது: "ஆய்வக வைரத்துக்கு மறுவிற்பனை மதிப்பு உண்டா?" உண்டு, ஆனால் மிகக் குறைவு. இயற்கை வைரத்தின் மறுவிற்பனை மதிப்பும் பலர் நினைக்கும் அளவுக்கு இல்லை.

ஆய்வகக் கல்லும் அசல் வைரம்தான், கண்ணாடி அல்ல. மண்ணுக்கடியில் பல கோடி ஆண்டுகளில் உருவானதை இயந்திரம் சில வாரங்களில் வளர்த்துவிடுகிறது. விலை சரிவதற்கும் அதுவே காரணம்: இயந்திரங்கள் பெருகப் பெருகக் கல்லும் பெருகுகிறது. சுரங்க வைரத்துக்குப் பேர்போன டி பியர்ஸ் 2018இல் லைட்பாக்ஸ் என்ற பெயரில் ஆய்வக வைர நகைகளை காரட் 800 டாலருக்கு விற்கத் தொடங்கியது. 2025இல் லைட்பாக்ஸை மூடப்போவதாக அறிவித்தது. இயற்கை வைரமும் தப்பவில்லை. 2022க்குப் பிறகு அதன் விலையும் இறங்கியிருக்கிறது.

ஒரு ஜோடி ஏழு கல் தோட்டை எடுத்துக்கொள்வோம். மொத்தம் பதினான்கு கல், நூறு சென்ட், அதாவது ஒரு காரட். தங்கத்தை ஒதுக்கிவிட்டுக் கல்லை மட்டும் பார்ப்போம். கணக்குக்காக, இயற்கைக் கல் 80,000 ரூபாய், ஆய்வகக் கல் 25,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் கடைக்காரர், "80 சதவீதத்துக்குத் திரும்ப எடுப்போம்" என்கிறார். எதில் 80 சதவீதம்? பெரும்பாலும் அன்றைய விலையில்தான். மூன்று ஆண்டுகளில் ஆய்வகக் கல்லின் விலை 10,000 ஆகியிருந்தால் கைக்கு வருவது 8,000, நட்டம் 17,000. இயற்கைக் கல்லின் விலை அப்படியே நின்றாலும் 64,000தான் கிடைக்கும், நட்டம் 16,000. அதையே வாங்கிய கடையை விட்டு வேறு கடையில் பாதி விலைக்குக் கொடுத்தால் நட்டம் 40,000. சதவீதத்தில் பார்த்தால் ஆய்வகக் கல் படுதோல்வி. ரூபாயில் பார்த்தால், முழுவதும் போனாலும் போவது 25,000.

ஆகவே, விழாக்களுக்கு அணிந்து மகிழ நினைப்பவரை ஆய்வகக் கல் வாங்க வேண்டாம் என்று நான் தடுப்பதில்லை. நாளை அடகுக்கோ மாற்றுக்கோ உதவும் என்று நினைப்பவரிடம், கல்லே வேண்டாம், அந்தப் பணத்துக்குத் தங்கம் வாங்குங்கள் என்பேன். மாமியார்கள் என்னைக் கோபிப்பார்கள், பரவாயில்லை.

ஆய்வகக் கல்லை இயற்கைக் கல் விலைக்கு வாங்கிவிடுவதுதான் உண்மையான இழப்பு. கடையில் கல்லின் மேல் வைத்துக் காட்டும் பேனா போன்ற கருவி வெப்பம் கடத்துவதைத்தான் அளக்கிறது. இரண்டு கல்லுக்கும் 'வைரம்' என்றே சொல்லும். பெரிய கல்லானால் அதன் விளிம்பில் லேசரால் பொறித்த எண்ணைப் பூதக்கண்ணாடியில் பார்த்துச் சான்றிதழோடு ஒப்பிடலாம். ஏழு சென்ட் கல்லில் பெரும்பாலும் அந்த எண் இருக்காது; ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பித்தான் அறிய முடியும். அதனால் தோடு வாங்கும்போது 'இயற்கை வைரம்' என்ற சொல்லும், கல்லின் எடையும் விலையும் தங்கத்திலிருந்து தனியாகவும், திரும்ப எடுப்பது எந்த விலையில் என்பதும் ரசீதில் இருக்கட்டும். வாயால் சொன்னதை மூன்று ஆண்டு கழித்து அங்கே வேறொரு விற்பனையாளரிடம் நிரூபிக்க முடியாது.